பதினேழாம் கேள்விக்காக ஒரு நாள் அலைச்சல்

எஸ்எஸ்சி தேர்வுக்குச் சென்னையில் ஒரு பயிற்சி மையத்தில் படிக்கிறேன். போன மாதம் நடந்த மாதிரித் தேர்வில், சரியான ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில் எனக்கு 50-க்கு 38 வந்தது. பாரோ, லெண்ட் இரண்டில் ஒன்று தப்பு. அது என் பிழைதான். இரண்டுக்குமே 'கடன்' என்று மனசில் பதிந்திருந்ததால் வந்த வினை. இப்போது கோடிட்ட இடத்துக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கிறேன். உடனே 'மீ', 'ஹிம்' என்று ஆள் வந்தால் லெண்ட், பொருளும் 'ஃப்ரம்'மும் வந்தால் பாரோ.

ஆனால் பதினேழாம் கேள்வியை என்னால் விட முடியவில்லை. "தி நியூ மேனேஜர் ____ மெனி சேஞ்சஸ்" என்று இருந்தது. நான் எஃபெக்டட் போட்டேன். மையம் கொடுத்த விடைக்குறிப்பில் அஃபெக்டட். சரியான விடைக்கு 2 மதிப்பெண், தப்புக்கு 0.50 கழிவு, ஆக இந்த ஒரு வரியில் இரண்டரை போனது.

அலுவலகத்தில் இருந்தவரிடம் போய்க் கேட்டேன். "கீயில என்ன இருக்கோ அதுதாம்மா. அஃபெக்ட் வினைச்சொல், எஃபெக்ட் பெயர்ச்சொல், இதுகூடத் தெரியாதா?" என்றார். அத்தனை பேர் முன்னால் அழுகை வந்துவிட்டது. அந்த விதி பெரும்பாலும் சரிதான், இங்கேதான் காலை வாரிவிடுகிறது. ஏ-யில் தொடங்குவது ஏற்கெனவே இருப்பதைப் பாதிப்பது. மழை பயிரை அஃபெக்ட் செய்யும். இ-யில் தொடங்குவது வினையாக வந்தால், இல்லாததை உண்டாக்குவது. புது மேனேஜர் மாற்றங்களைக் கொண்டுவந்தார் என்றால் பொருள் நிற்கிறது. மாற்றங்களைப் பாதித்தார் என்றால், அதற்கு முன்பே வேறு யாரோ மாற்றம் செய்திருக்க வேண்டும். வாக்கியத்தில் அப்படி எதுவுமே இல்லை.

மறுநாள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போனேன். அகராதியில் எஃபெக்ட் என்ற சொல்லுக்குக் கீழே வினைப் பொருளும் தனியாக இருந்தது. அதைத் தாளில் எழுதிக்கொண்டு மாலையே மையத்துக்குத் திரும்பினேன். இந்த முறை அலுவலகத்தில் நிற்கவில்லை, நேரே ஆங்கில சாரிடம் போனேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "கரெக்ட்மா, கீ தப்பு" என்று சிவப்புப் பேனாவால் திருத்தினார். 38 என்பது 40.5 ஆனது. அந்த நொடி வந்த நிம்மதி இருக்கிறதே!

விடைக்குறிப்போடு தகராறு செய்யப் போகிறவர்கள் அகராதிப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, பாடம் எடுப்பவரிடமே போங்கள். இன்னொன்று, கோடிட்ட இடத்துக்கு முன்னால் 'அன்', 'தி', 'இட்ஸ்' இருந்து, பின்னால் 'ஆன்' வந்தால் அது பெயர்ச்சொல் எஃபெக்ட்தான், அங்கே குழம்ப வேண்டாம். பழைய கீயின் நகல் இன்னும் பலர் கையில் இருக்கிறது. பதினேழை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.