தொகையிடலுக்கு முந்தைய நாட்கள்

நவம்பர் 14, வெள்ளி

பதினொன்றாம் வகுப்புக் கணக்கில் வகையிடல் முடிந்தது. அடுத்த வெள்ளி தொகையிடல் தொடங்க வேண்டும். அதற்கு முந்தைய நாள் பிள்ளைகளிடம் கொஞ்சம் பேச வேண்டும். பத்து நிமிடம்தான். தொண்டை சரியில்லை, டாக்டர் அதற்கு மேல் பேச விடவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

போன வருடத்து நோட்டு மறுபடி நினைவுக்கு வந்தது. 2 sin x cos x-ஐத் தொகையிடச் சொல்லியிருந்தேன். ஒருத்தி −cos²x + c என்று போட்டிருந்தாள். பிறகு அதை அடித்துவிட்டு, பக்கத்தில் விடைப்பக்கத்திலிருந்த sin²x + c-ஐ எழுதியிருந்தாள். அவள் போட்டதும் சரிதான். sin²x-க்கும் −cos²x-க்கும் உள்ள வித்தியாசம் 1. அந்த 1 என்கிற மாறிலியை c விழுங்கிவிடும். இரண்டையும் வகையிட்டால் 2 sin x cos x-தான் வரும். சரியான விடையைத் தன் கையாலேயே அடித்திருக்கிறாள். நான் அதைப் பார்த்தது மார்ச்சில், நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்கும்போது.

நவம்பர் 17, திங்கள்

குரல் இல்லை. சைகையிலேயே நாள் போனது.

நவம்பர் 18, செவ்வாய்

எதில் தொடங்குவது என்றே யோசனை. பதினொன்றாம் வகுப்பில் வரையறாத் தொகையிடல் மட்டும்தான். பரப்பளவு பன்னிரண்டில்தான் வரும். அதனால் வகையிடலைத் தலைகீழாகப் போடுவதே தொகையிடல் என்று ஒரு வருடம் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பார்கள். தொகை என்ற சொல்லே அதில் காணாமல் போகிறது. எனக்கு இது பிடிக்கவில்லை. லைப்னிட்ஸ் 1675 அக்டோபர் 29 அன்று ∫ என்ற தொகையிடல் குறியை எழுதியபோது, கூட்டுத்தொகை என்று பொருள்படும் summa என்ற லத்தீன் சொல்லின் முதல் எழுத்தைத்தான் நீட்டி எழுதினார். கூட்டல்தான் முதலில். கூட்டலிலிருந்தே தொடங்குகிறேன்.

நவம்பர் 20, வியாழன்

பேசிவிட்டேன். பன்னிரண்டு நிமிடம் ஆகிவிட்டது.

ஸ்டாப்பிலிருந்து டவுன் பஸ் கிளம்புகிறது என்றேன். t நொடியில் அதன் வேகம் நொடிக்கு t மீட்டர். பத்தாவது நொடியில் நொடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். அதற்குள் எவ்வளவு தூரம் போயிருக்கும்? வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் வேகத்தை நேரத்தால் பெருக்க முடியாது. சரி, ஒவ்வொரு நொடியாக வெட்டுவோம். அந்த நொடி தொடங்கும்போது இருந்த வேகமே நொடி முழுக்க இருந்ததாக வைத்துக் கூட்டினால், 0 முதல் 9 வரை, 45 மீட்டர். முடியும்போது இருந்த வேகத்தை வைத்தால், 1 முதல் 10 வரை, 55. உண்மை இரண்டுக்கும் நடுவில். அரை நொடியாக வெட்டினால் 47.5, 52.5. பத்தில் ஒரு நொடியாக வெட்டினால் 49.5, 50.5. கடைசி பெஞ்சிலிருந்து "அம்பது சார்" என்று ஒரு குரல். நான் சொல்லவே இல்லை.

அப்புறம், எதை வகையிட்டால் t வரும் என்று கேட்டேன். t²/2 என்றார்கள். அதில் 10-ஐப் போடுங்கள் என்றேன். 50. வகுப்பு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது. ஆயிரம் துண்டாக வெட்டிக் கூட்டவேண்டியதை ஒரே வரியில் முடித்துவிட்டோம். இரண்டும் ஒன்றாக வருவது ஏன் என்பதை அடுத்த வருடம் பார்ப்பீர்கள், இப்போதைக்கு அது தற்செயல் இல்லை என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள் என்றேன்.

c-க்கும் அதே பஸ்தான். ஸ்டாப்பில் கிளம்பாமல் 200 மீட்டர் தள்ளிக் கிளம்பியிருந்தாலும் வேகம் இதேதான். பத்தாவது நொடியில் பஸ் ஸ்டாப்பிலிருந்து 250 மீட்டரில் இருக்கும். வேகத்தை மட்டும் பார்ப்பவருக்கு எங்கே கிளம்பியது என்று தெரியாது. அந்தத் தெரியாத இடம்தான் c.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொண்டேன். பெருக்கலைத் தனித்தனியாகத் தொகையிடாதீர்கள். x cos x-க்கு (x²/2) sin x என்று எழுதத் தோன்றும். எழுதியதை வகையிட்டுப் பாருங்கள். x sin x + (x²/2) cos x வரும். கேட்டது அது இல்லை. உங்கள் விடையை வகையிட்டால் கேள்வி திரும்பி வரவேண்டும். வந்தால், விடைப்பக்கத்தில் வேறு எது இருந்தாலும் அடிக்காதீர்கள். இதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. தொண்டையால் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

மணி அடித்த பிறகு ஒரு பையன் வந்தான். "சார், எல்லாத்துக்கும் இப்படித் தலைகீழ் கிடைக்குமா?" கரும்பலகையில் e^(−x²) எழுதினேன். இதற்கு உண்டு, ஆனால் நமக்குத் தெரிந்த சார்புகளை வைத்து எழுத முடியாது என்று மெதுவாகச் சொன்னேன். நம்பாமல் நோட்டில் எழுதிக்கொண்டு போனான். அவன் முயன்று பார்ப்பான். பார்க்கட்டும்.

நவம்பர் 21, வெள்ளி, காலை 6

குரல் வரவில்லை. பஸ்ஸைப் படமாகவே வரைகிறேன்.