சிவப்பணு குறையவில்லை, ஆக்சிஜன் இறங்கவில்லை

ஊட்டியின் டிசம்பர் குளிருக்குப் பயந்து, தம்பியும் அவன் மனைவியும் விடுதி அறையில் கரி அடுப்பை மூட்டிவிட்டுக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். விடியற்காலையில் வாந்தி எடுக்க எழுந்தவள் கதவைத் திறந்ததால்தான் இருவரும் பிழைத்தார்கள். அவளுக்குத் தலைவலியோடு போயிற்று. தம்பிக்கு நாக்குக் குழறியது, நிற்க முடியவில்லை.

அவசரப் பிரிவில் அவன் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 98 காட்டியது. மூச்சுத்திணறல் இல்லை, முகம் நீலம் பாரிக்கவும் இல்லை. ஆனால் "அறையில் கரி எரிந்ததா?" என்று கேட்ட பெண் மருத்துவர், பதிலுக்குத் தலையாட்டியதுமே ரத்தம் எடுத்துவிட்டு, பை தொங்கும் முகமூடியை மாட்டி ஆக்சிஜனை முழு வேகத்தில் திறந்துவிட்டார். 98 இருக்கும்போது எதற்கு என்று கேட்டேன். "அந்தக் கருவி சிவப்பு நிறத்தைத்தான் பார்க்கிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும், கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான்" என்றார். குழாயில் இருந்த ரத்தத்தை நானே பார்த்தேன். சிரையில் எடுத்தது கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும்; அது குங்குமம்போலப் பளிச்சென்று இருந்தது.

அறிக்கை வந்தது. ஹீமோகுளோபின் 15 கிராம், குறையே இல்லை. அதில் 32 சதவீதம் கார்பன் மோனாக்சைடோடு கட்டுண்டிருந்தது. புகைபிடிக்காதவர்களுக்கு இது 3 சதவீதத்தைத் தாண்டாதாம்.

என் குழப்பம் இங்கேதான் தொடங்கியது. 15 கிராமில் மூன்றில் ஒரு பங்கு போனாலும் 10 கிராம் மிச்சம். என் அம்மா ரத்தசோகையில் 10 கிராமோடு பல மாதம் மாவாட்டி, கடைக்குப் போய் வந்தவர். கணக்குப் போட்டாலும் இடிக்கிறது: 100 மில்லி ரத்தம் சுமார் 20 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும், தம்பியிடம் இன்னும் 13 மில்லிக்கு மேல் இருக்கிறது, ஓய்வில் உடல் எடுத்துக்கொள்வதோ 5 மில்லிதான். பிறகு ஏன் மூளை பட்டினி கிடக்கிறது?

சுற்று முடிந்து வந்த மருத்துவர் காகிதத்தில் வரைந்தே காட்டினார். ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் நான்கு இரும்பு அணுக்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆக்சிஜனைப் பிடிக்கும். நான்கும் தனித்தனி ஆட்கள் அல்ல. ஒன்று பிடித்தால் மூலக்கூறின் வடிவமே மாறி, மற்றவற்றின் பிடி இறுகுகிறது. திசுக்களில் ஒன்று விட்டதும் மற்றவையும் தளர்ந்து அடுத்தடுத்து விட்டுவிடும். கார்பன் மோனாக்சைடு அதே இரும்பில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டுகிறது. காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்க, இந்த வாயு வெறும் 0.1 சதவீதம் இருந்தாலே, நேரம் கிடைத்தால் பாதி ஹீமோகுளோபினைப் பிடித்துவிடும். ஒட்டியது திசுவுக்குப் போயும் லேசில் இறங்காது. அதனால் மூலக்கூறு முழுவதும் இறுகிய நிலையிலேயே நிற்கிறது; பக்கத்து இடங்களில் உள்ள நல்ல ஆக்சிஜனும் எளிதில் கழல்வதில்லை.

அம்மாவுக்கும் தம்பிக்கும் வித்தியாசம் இதுதான். ரத்தசோகையில் இருக்கிற ஹீமோகுளோபின் ஆக்சிஜனைத் தாராளமாக விட்டுக்கொடுக்கிறது. வழக்கத்தைவிடச் சற்று எளிதாகவே விடும். தம்பியின் ரத்தத்தில் அந்த 13 மில்லி பெரும்பாலும் வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. மூச்சு திணறாததற்குக் காரணம் வேறு. கழுத்துத் தமனியில் உள்ள உணரிகள் ரத்தத்தில் கரைந்த ஆக்சிஜனின் அழுத்தத்தைப் பார்த்தே எச்சரிக்கும். நுரையீரல் நன்றாக இருந்ததால் அந்த அழுத்தம் சரியாகவே இருந்தது.

"புது ரத்தம் ஏற்றிவிட்டால் என்ன டாக்டர்?" என்று தம்பியின் மாமனார் கேட்டார். எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் கேட்கும் கேள்வி என்று நினைக்கிறேன். சிவப்பணு கெடவில்லை, இடம்தான் அடைபட்டிருக்கிறது, போட்டிக்கு ஆக்சிஜனைக் குவித்தால் அது விலகும் என்றார் மருத்துவர். சாதாரணக் காற்றில் பாதி வெளியேற ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜனில் ஒன்றேகால், ஒன்றரை மணி. 32 என்பது 16, பிறகு 8, பிறகு 4 என்று இறங்க மதியத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை, தலைவலி விட்டதென்று முகமூடியைக் கழற்றப் பார்த்தவனைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இதயத் துடிப்புப் பதிவும் இடையில் எடுத்தார்கள், கோளாறு இல்லை.

அளவு இறங்கியதும் எல்லாம் முடிந்தது என்று கிளம்பிவிட முடியவில்லை. இந்த வாயு செல்லுக்குள்ளேயும் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியைத் தொடுகிறதாம். சிலருக்குச் சில வாரம் கழித்து மறதி, நடைத் தடுமாற்றம், குணமாற்றம் வரலாம், ரத்த அளவை வைத்து அதை முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் நரம்பியல் மருத்துவரிடம் அவனை அழைத்துப் போக வேண்டும்.