மோர் வரிசையில் சந்தித்தவர்

கோவையில் நடந்த கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் கருத்தரங்கில், மதிய உணவின்போது மோர் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் ஒரு சாயப்பட்டறைக்காரர். அவர் ஆலையின் ஆர்.ஓ. சவ்வு அடைத்துக்கொண்டதாம். அமிலத்தில் இரண்டு முறை கழுவியும் அழுத்தம் இறங்கவில்லை என்று புலம்பினார். சுண்ணாம்புப் படிவு என்றால் அமிலத்தில் கரைந்துவிடும், சிலிக்கா படிந்திருந்தால் கரையாது, அதற்குக் காரக் கழுவல்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினேன். அதற்குள் மோர் வந்துவிட்டது. அவர் விசிட்டிங் கார்டை மட்டும் நீட்டிவிட்டுப் போனார். அதன் பின்புறம் 'மோர், சவ்வு' என்று எழுதிக்கொண்டேன்.

இப்படிச் சந்தித்தவருக்கு இரண்டு நாளுக்குள் எழுதிவிட வேண்டும் என்பது என் கணக்கு. மூன்றாம் நாள் முகங்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். அவருக்கு என் முகமும் அப்படித்தான். எனவே மறுநாள் இரவே லிங்க்ட்இன்னைத் திறந்தேன். இலவசக் கணக்கில் அழைப்போடு அனுப்பும் குறிப்புக்கு 200 எழுத்துதான் இடம். தமிழில் அது இன்னும் சுருங்கும், 'கோ' என்பதையே இரண்டாக எண்ணும். நலம் விசாரிப்பை எல்லாம் வெட்டி எறிந்தபின் மிஞ்சியது இது:

"வணக்கம் ஐயா. சனிக்கிழமை கோவைக் கருத்தரங்கில் மோர் வரிசையில் பேசினோம். சவ்வை அமிலத்தில் கழுவியும் அழுத்தம் இறங்கவில்லை என்றீர்கள். சிலிக்கா சோதனைக் குறிப்பை அனுப்பட்டுமா?"

எங்கே பார்த்தோம், அவர் வாயால் என்ன சொன்னார், என்னால் என்ன தர முடியும் என்ற மூன்றும் அடங்கிவிட்டன. 'தொடர்பில் இருப்போம்' என்ற வெற்றுச் சொல் இல்லை. பெருமிதத்தோடு அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

காலையில் பதில் வந்திருந்தது.

"ஐயா, நான் கருத்தரங்கு எதற்கும் வரவில்லை. எனக்கு அழுத்தம் இருப்பது உண்மைதான். ஆனால் அமிலத்தில் கழுவும் அளவுக்குப் போகவில்லை, மாத்திரையே போதுமானதாக இருக்கிறது. யார் சொன்னார்கள்?"

கொங்கு நாட்டில் மிகச் சாதாரணமான பெயர் அது. தேடியதும் வந்த வரிசையில், படத்துக்குப் பதில் கோபுரம் வைத்திருந்த 'மேலாளர்' ஒருவரை அழுத்தியிருக்கிறேன். அவர் வங்கி மேலாளர். கார்டில் பெயருக்குக் கீழே ஆலையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. பின்புறத்தில் நான் கிறுக்கியதைப் படித்த அக்கறையில் முன்புறத்தைப் படிக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஆலையின் பெயரையும் சேர்த்துத் தேடி, அதே குறிப்பைச் சரியானவருக்கு அனுப்பினேன். இரண்டாம் நாள் முடிய நான்கு மணி நேரம் மிச்சமிருந்தது. "அனுப்புங்கள். இரண்டு டம்ளர் மோர் குடித்தவர்தானே?" என்று உடனே பதில் வந்தது. அவர் என்னை நினைவில் வைத்திருந்தது சவ்வுக்காக இல்லை.

காரக் கழுவலில் அவருடைய சவ்வு ஓரளவு தேறியது. வங்கி மேலாளர்தான் இன்னும் விடவில்லை. போன வாரம்கூடக் கேட்டிருந்தார்: "அவருக்கு அழுத்தம் இறங்கிவிட்டதா?"