அரைவாழ்வுக்காலமும் ஒரு டிகொக்சின் குளிசையும்

உயர்தர வகுப்பில் எங்களுக்கு இரசாயனவியல் படிப்பித்த மாஸ்டர் அரைவாழ்வுக்காலத்தை அயடீன்-131இல் தொடங்கினார். கரும்பலகையில் 80 என்று எழுதி, 8 நாள் கழித்து 40, இன்னொரு 8 நாள் கழித்து 20 என்று கீழே கீழே எழுதிக்கொண்டு போனார். “சூடாக்கிப் பார், அமிலத்தில் போட்டுப் பார், இந்த 8 நாள் மாறாது” என்றார். அந்தப் பாடம் என் மனதில் நன்றாகப் பதிந்தது.

இன்று இலண்டனில் மருத்துவமனை மருந்தாளராக வேலை செய்துகொண்டு, ஊரில் மருந்தாளர் படிப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு வார இறுதியில் இணையவழியாக வகுப்பெடுக்கிறேன். பாடநூல் ஆங்கிலத்தில் இருந்தாலும் விளக்கம் தமிழில்தான். அவர்களும் அயடீனைப் படித்துவிட்டே வருகிறார்கள். அதனால் மருந்தின் அரைவாழ்வுக்காலமும் மாறாத எண் என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது மருந்துக்கு மட்டும் உரியதல்ல, அதை விழுங்கிய உடலுக்கும் உரியது. மாஸ்டர் காட்டிய அதே கணக்கு இங்கேயும் செல்லும். ஆனால் பாதியாகக் குறைய எத்தனை நாள் என்பதை நோயாளியின் சிறுநீரகமும் ஈரலும் தீர்மானிக்கின்றன.

இதை விளக்க நான் எப்போதும் எடுப்பது டிகொக்சின். இருதயத்துக்குக் கொடுக்கும் பழைய மருந்து. நல்ல சிறுநீரகம் உள்ளவரில் அதன் அரைவாழ்வுக்காலம் ஒன்றரை முதல் இரண்டு நாள். கணக்குக்கு இரண்டு நாள் என்று வைப்போம். ஒரு வயதான ஐயா தினமும் 250 மைக்ரோகிராம் குளிசை ஒன்று எடுக்கிறார். அதில் ஏறத்தாழ 70 வீதமே இரத்தத்துக்கு வந்து சேரும். இந்த வீதத்தைத்தான் உயிர்க்கிடைப்பு என்கிறோம். ஆக, உடலுக்குள் போவது நாளுக்கு 175 மைக்ரோகிராம். ஊசியாக நாளத்தில் ஏற்றினால் முழுவதும் இரத்தத்துக்குள் போய்விடும். ஆகவே குளிசையை விழுங்க முடியாதவருக்கு அதே 250ஐ ஊசியில் எழுதுவது அளவைக் கூட்டுவதாகும்.

உயிர்க்கிடைப்பைக் குளிசை செய்யும் முறையும் மாற்றும். 1971இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஒரே அளவு எழுதப்பட்ட டிகொக்சின் குளிசைகள் தயாரிப்புக்குத் தயாரிப்பு இரத்தத்தில் ஏழு மடங்கு வரை வேறுபட்ட மட்டங்களைக் காட்டின. உள்ளே இருந்த மருந்து ஒன்றுதான், அது கரைந்து வெளியே வந்த விதமே வேறு.

இனி ஐயாவிடம் திரும்புவோம். அரைவாழ்வுக்காலம் இரண்டு நாளென்றால், ஒரு நாளில் உடலில் இருப்பதில் ஏறத்தாழ 29 வீதம் வெளியேறும். தினமும் 175 உள்ளே வர, ஒவ்வொரு குளிசைக்குப் பிறகும் உடலில் ஏறத்தாழ 600 மைக்ரோகிராம் இருக்கும் நிலையில் வரவும் செலவும் சமமாகிவிடும். அந்த மட்டத்தை எட்ட ஐந்து அரைவாழ்வுக்காலம், அதாவது பத்து நாள் வேண்டும்.

இப்போது அவருடைய சிறுநீரகம் பழுதடைந்து, மருந்தை வெளியேற்றும் வேகம் பாதியாகிறது. நான் வகுப்பில் எழுதும் ஒரே சமன்பாடு இதுதான்:

t½ = 0.693 × V / CL

t½ அரைவாழ்வுக்காலம். V பரவற் கனவளவு, அதாவது உடலில் உள்ள மருந்து முழுவதும் இரத்தத்தில் உள்ள அதே செறிவில் பரவியிருந்தால் எவ்வளவு கனவளவு வேண்டும் என்பது. CL வெளியேற்றும் வேகம், அதாவது ஒரு நாளில் எவ்வளவு கனவளவு இரத்தத்திலிருந்து மருந்து முழுவதும் நீக்கப்படுகிறது என்பது. CL பாதியானால் அரைவாழ்வுக்காலம் நான்கு நாளாகும். நாளொன்றுக்கு 16 வீதம் மட்டுமே வெளியேறும். அதே குளிசை, அதே அளவு, ஆனால் உடலில் சேர்வது ஏறத்தாழ 1100 மைக்ரோகிராம். பிள்ளைகள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: அந்த மட்டத்துக்கு ஏற மூன்று கிழமை எடுக்கும். முதற்கிழமை ஐயா சுகமாகவே இருப்பார். பிறகுதான் பசியின்மை, ஓங்காளம், நாடித்துடிப்பு மெதுவாதல், சிலருக்குப் பார்வையில் மஞ்சள் நிறம் எல்லாம் வரும். அப்போது வீட்டார் நேற்றுச் சாப்பிட்ட சாப்பாட்டைத்தான் சந்தேகிப்பார்கள். மருந்தாளர் கேட்க வேண்டியது கடந்த மாதம் சிறுநீரகப் பரிசோதனை என்ன சொன்னது என்பதை.

இரத்தத்தில் மட்டம் பார்க்கும்போதும் ஒரு பொறி உண்டு. டிகொக்சினின் பரவற் கனவளவு ஏறத்தாழ 500 லீட்டர். அவ்வளவு நீர் எந்த உடலிலும் இல்லை. மருந்தின் பெரும்பகுதி தசைகளிலும் இருதயத்திலும் ஒட்டியிருக்கிறது, இரத்தத்தில் இருப்பது கொஞ்சமே என்பதுதான் அதன் பொருள். இரத்தத்திலிருந்து தசைக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும். ஆகவே குளிசை எடுத்து ஆறு மணித்தியாலமாவது ஆக வேண்டும். அதற்கு முன் எடுத்த இரத்தம் மட்டத்தைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். அறிக்கையில் எண் உயர்ந்திருந்தால் முதலில் கடைசிக் குளிசை எத்தனை மணிக்கு, இரத்தம் எத்தனை மணிக்கு என்று பார்க்கச் சொல்கிறேன்.

“குளிசையை நிறுத்தினால் உடனே சரியாகிவிடுமா?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். அவளையே கணக்குப் போடச் சொன்னேன். 1100 நான்கு நாளில் 550. ஏற எடுத்த அதே அரைவாழ்வுக்காலம்தான் இறங்கவும். அந்த நான்கு நாளும் ஐயாவுக்கு ஈ.சி.ஜி.யும் பொட்டாசியமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.