ராத்தா கல்யாணக் குறிப்புகள்: காக்காவின் அத்தர்

ஜனவரி 2, 2026, வெள்ளி

காக்கா என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் அண்ணன் நேற்று இரவு கான்பூரிலிருந்து வந்து சேர்ந்தார். பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தது என் அக்கா, ராத்தாவின் கல்யாணத்துக்கென்று வாங்கிய ரோஜா அத்தர். பத்து மில்லி குப்பி, பழுப்பு மஞ்சள் நிறம். உம்மா மூடியைத் திறந்து புறங்கையில் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதென்ன, முதல்ல பூ வாசம், இப்பொ சந்தனம்?" என்றார். காக்கா சிரித்தார்.

அவர் வேலை பார்க்கும் தோல் கம்பெனியிலிருந்து, அத்தர் வடிக்கும் ஊரான கன்னௌஜ் எண்பது கிலோமீட்டர்தான். போன மார்ச்சில், ரோஜா பூக்கும் பருவத்திலேயே நேரில் போய்ச் சொல்லி வைத்திருக்கிறார். அப்போது ராத்தாவுக்கு மாப்பிள்ளைகூட முடிவாகவில்லை.

பெண்கள் பக்கம் வரவேற்பின்போது நான் எழுந்து நாலு வார்த்தை பேசி நன்றி சொல்ல வேண்டுமாம். உம்மாவின் உத்தரவு. நிக்காஹ் பதினொன்றாம் தேதி.

ஜனவரி 4, ஞாயிறு

முதல் முயற்சி. "ரோஜா மலரைப் போல மணம் வீசும் எங்கள் அன்புச் சகோதரரே" என்று ஆரம்பித்தேன். இரண்டாவது வரியிலேயே எனக்கே கூசியது. இந்த வரியை எந்தத் தங்கையும் எந்த அண்ணனுக்கும் எந்தப் பரிசுக்கும் சொல்லலாம். பேனாவை வைத்துவிட்டு, அத்தர் எப்படி வடிப்பார்கள் என்று காக்காவிடமே கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார்.

விடியுமுன் பறித்த பூவைச் செம்பு அண்டாவில் தண்ணீரோடு போட்டு மூடி, களிமண்ணும் பஞ்சும் குழைத்து வாயை அடைக்கிறார்கள். அண்டாவுக்குப் பெயர் தேக். அதிலிருந்து ஒரு மூங்கில் குழாய், தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் இன்னொரு செம்புப் பாத்திரத்துக்குப் போகிறது. அது பப்கா. பப்காவில் முன்பே சந்தன எண்ணெய் ஊற்றியிருக்கும். ஆவி அங்கே குளிர்ந்து இறங்க, பூவின் மணத்தைச் சந்தனம் பிடித்துக்கொள்ளும். அடுப்பு விறகில் எரிகிறது. பப்கா எவ்வளவு நிறைந்தது, சூடு ஏறிவிட்டதா என்பதை ஆள் கையை வைத்தே பார்க்கிறார். இரவு முழுக்க ஆறியபின் அடியில் நிற்கும் தண்ணீரைப் பிரித்து, மறுநாள் புதுப் பூவோடு அதே அண்டாவில் ஊற்றுகிறார்கள். பூ தினமும் மாறும், சந்தன எண்ணெய் மட்டும் அதேதான். மணம் போதும் என்று வடிப்பவருக்குத் தோன்றும் வரை இது நாள் கணக்கில் ஓடும். கடைசியில் தோல் குப்பிகளில் வைத்து, மிச்ச ஈரத்தையும் போக்குவார்கள்.

கேட்டதையெல்லாம் எழுதிப் பேசிப் பார்த்தேன். ஆறு நிமிடம். பிரியாணி ஆறிவிடும்.

ஜனவரி 7, புதன்

காக்கா ஏன் கன்னௌஜ் வரைக்கும் போனார் என்பதற்குப் போன வருடத்து ஒரு கல்யாணம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அங்கே பூசிய கடை அத்தர் முதல் நிமிடம் மண்டபத்தையே தூக்கியது. இரவு வரை ஒரே வாசம், கொஞ்சமும் மாறாமல், தலைவலியோடு. செயற்கை வாசனையை நிறமில்லாத பாரஃபின் எண்ணெயில் கலந்தால் இப்படித்தான் இருக்குமாம். சந்தன எண்ணெய் விலை ஏறியபின் அந்தக் கலப்பு சாதாரணமாகிவிட்டது. நல்ல அத்தர் நேரத்துக்கு நேரம் மாறும். இலேசான ரோஜா முதலில் போய்விட, கனமான சந்தனம் கடைசி வரை நிற்கும். உம்மா புறங்கையில் கண்டுபிடித்தது அதைத்தான்.

இதைப் பேச்சில் ஒரே வரியில் வைக்கலாம். போன வருடத்துத் தலைவலி வேண்டாம். அந்த வீட்டார் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

விலைப் பேச்சையும் எடுக்கக் கூடாது. காக்கா யாரிடமும் சொல்லவில்லை, நான் மைக்கில் கேட்டுவிட்டால் அவர் வெளியே ஓடிவிடுவார்.

ஜனவரி 9, வெள்ளி

இன்று உம்மாதான் கதையைக் கொடுத்தார். ராத்தாவுக்கு ஆறு வயது இருக்கும்போது, காக்கா பதினொரு வயதில் அவளுக்கு "அத்தர்" செய்தாராம். பக்கத்து வீட்டுப் பன்னீர் ரோஜாவைப் பிய்த்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு மொட்டைமாடி வெயிலில் வைத்தார். ஒரு வாரத்தில் மேலே வெள்ளைப் பூஞ்சை, திறந்ததும் நாற்றம். ஈரப் பூவை அப்படியே எண்ணெயில் போட்டால் அதுதான் கதி. ராத்தா அதையும் தடவிக்கொண்டு மதரஸாவுக்குப் போய்த் திட்டு வாங்கினாளாம். எனக்கு அப்போது மூன்று வயது, ஒன்றும் நினைவில்லை.

பேச்சு வந்துவிட்டது. பாட்டிலில் தொடங்கி குப்பியில் முடிக்கலாம். நடுவில் கன்னௌஜிலிருந்து ஒரே ஒரு விஷயம் போதும், அந்தக் கை வைத்துப் பார்க்கும் ஆள்.

ஜனவரி 11, ஞாயிறு, இரவு

ஏறக்குறைய இருநூறு பெண்கள். வாசலிலேயே பெரியம்மா மகள்கள் கண்ணாடிக் குச்சியால் ஆளுக்கு ஒரு தொடுகை மணிக்கட்டில் வைத்தார்கள். பட்டில் பட்டால் எண்ணெய்க் கறை நிற்கும் என்று நான் நூறு தடவை சொல்லி அனுப்பியிருந்தேன். அப்படியும் ஒரு முந்தானை போய்விட்டது.

காக்கா உள்ளே வர முடியாது. திரைக்கு அந்தப் பக்கம், நாற்காலி அடுக்கும் இடத்தில் நின்றார். திரைக்குக் கீழே செருப்பு மட்டும் தெரிந்தது. நான் செருப்பைப் பார்த்துப் பேசினேன்:

"அஸ்ஸலாமு அலைக்கும். உங்க எல்லார் கையிலயும் இப்ப இருக்கிறது எங்க காக்கா ராத்தாவுக்குக் கொடுத்த ரோஜா அத்தர். இது அவர் கொடுக்கிற ரெண்டாவது அத்தர். முதலாவதை அவர் பதினொரு வயசுல ஹார்லிக்ஸ் பாட்டில்ல செஞ்சார். ஒரு வாரத்துல அது பூஞ்சை பிடிச்சிடுச்சு. ராத்தா அதையும் பூசிக்கிட்டுத்தான் மதரஸாவுக்குப் போனா.

இந்தத் தடவை காக்கா தானே செய்யல. செய்யத் தெரிஞ்சவங்களத் தேடிப் போனார். அங்க அடுப்புச் சூட்டைக் கருவி வச்சுப் பார்க்க மாட்டாங்களாம், பாத்திரத்துல கைய வச்சுத்தான் பார்ப்பாங்களாம். காக்காவும் அப்படித்தான். எங்களுக்குக் காய்ச்சல் அடிச்சா தெர்மாமீட்டரத் தேட மாட்டார்.

இப்ப உங்க கையில ரோஜா மணக்கும். வீட்டுக்குப் போகும்போது சந்தனம் மணக்கும். ரெண்டும் ஒரே குப்பிதான், யாரும் மாத்திடல.

காக்கா, ஜஸாகல்லாஹு கைரா. ராத்தா, இந்தத் தடவை தைரியமாப் பூசிக்கோ."

ஒன்றரை நிமிடம் ஆனது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் நினைத்ததைவிடப் பெரிய சிரிப்பு, அது அடங்கும் வரை நிற்க வேண்டியிருந்தது. காய்ச்சல் வரியில் குரல் கொஞ்சம் தடுமாறியது. அது எழுதும்போது இல்லாத வரி, காலையில்தான் சேர்த்தேன். தெர்மாமீட்டர் என்றதும் செருப்பு இரண்டும் திரைக்கடியிலிருந்து போய்விட்டன.

ஜனவரி 12, திங்கள்

காலையில் என் மணிக்கட்டில் ரோஜா இல்லை, சந்தனம் மெல்லியதாக இருக்கிறது. மாப்பிள்ளை எங்கள் ஊர் வழக்கப்படி பெண் வீட்டுக்கே வந்துவிட்டதால் வீடு நிறைய ஆட்கள், காக்காவைத் தனியாகப் பிடிக்க மதியமாகிவிட்டது.

"பாட்டில் கதைய உம்மாதானே சொன்னாங்க?" என்றார்.

"ஆமா காக்கா."

"ஒரு வாரமில்ல, நாலே நாள்தான். அத நீ சரியாச் சொல்லியிருக்கலாம்."

குப்பியில் கால்வாசி மிச்சம். உம்மா எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். ராத்தாவுக்குத் தெரியும்.