துயர் வட்டத்துக்கு ஓர் அறிவித்தல்

பெப்ரவரி 24

எங்கள் முதியோர் சங்கம் அடுத்த மாதம் துயர் பகிர்வு வட்டம் தொடங்குகிறது. அறிவித்தல் எழுதுவது என் வேலை. தந்த குறிப்பில் ‘உளவள ஆலோசனை’ என்று இருந்ததை வெட்டினேன். அதைப் பார்த்தால் எங்கள் வயதுக்காரர் “எனக்கென்ன விசரோ?” என்று தாளை மடித்து வைத்துவிடுவார்கள். இப்படி எழுதியாயிற்று:

“வீட்டில் சாவு நடந்து தனித்துப்போன மூத்த அங்கத்தவர்களுக்கு. துணை, பிள்ளை, சகோதரம், யாரை இழந்திருந்தாலும் வாருங்கள். எத்தனை வருடம் ஆனாலும் பரவாயில்லை. மாதத்தின் இரண்டாம் சனி, பின்னேரம் 4 மணி முதல் 5.30 வரை. கதைக்க மனமில்லாவிட்டால் சும்மா இருக்கலாம். அங்கே கதைப்பது வெளியே போகாது. வர வழியில்லாதவர்கள் முன்கூட்டிச் சொன்னால் ஓட்டோ அனுப்புவோம்.”

எழுத்தைப் பெரிதாக அடிக்கச் சொன்னேன். பாதிப் பேருக்குக் கண்ணில் புரை.

பெப்ரவரி 27

பலகையில் ஒட்டினால் மட்டும் போதாது. துணையை இழந்தவர் சங்கப் பக்கமே வருவதில்லை, அதுவும் பெண்கள் ஆட்டைத் திவசம் முடியும்வரை படலை தாண்டவே யோசிப்பார்கள். ஆகவே கையில் கொடுப்பதாக முடிவு. உடனே அல்ல. சாவு நடந்து 31ஆம் நாள் வரை வீடு நிறையச் சனம் இருக்கும். கன்னியாவில் அந்தியேட்டி முடித்து, வெளிநாட்டுப் பிள்ளைகளும் விமானம் ஏறிய பிறகுதான் வீடு வெறிச்சோடும். கொண்டுபோவதற்கு அதுதான் நேரம்.

மார்ச் 3

உவர்மலையில் ஓர் அம்மா தாளை இரண்டு தரம் வாசித்தார். “சாவு நடந்த வீடு எண்டு போட்டிருக்கு. என்ர மகன் காணாமல்தானே போனவன் தம்பி. நான் வந்தால் அவனைச் செத்தவன் எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதோ?”

வாசகத்தை மாற்றுகிறோம் என்றேன். அவர் தலையாட்டவில்லை. அவர் சொல்வதும் நியாயம். கணவனுக்குத் திவசம் கொடுத்தவர்களின் நடுவே, இன்னும் வாசலைப் பார்த்திருப்பவரை உட்கார வைப்பது அவருக்கு ஆறுதலாக இருக்காது. அவரைப் போன்றவர்களுக்குத் தனியாக ஓர் இருக்கை வேண்டும். அது இந்த வட்டத்துக்குள் அடங்காது.

மார்ச் 14

முதல் கூட்டம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம், மேசை வைக்கவில்லை. நடத்தியவர் ஓய்வுபெற்ற தாதி. ஓர் அம்மா அழத் தொடங்க, பக்கத்தில் இருந்தவர் “எல்லாம் விதி, அழாதேங்கோ” என்றார். தாதி மெதுவாக மறித்தார்: “அழட்டும். இங்க ஒருத்தருக்கும் புத்தி சொல்றேல்ல.” பிறகு நெடுநேரம் யாரும் பேசவில்லை. எனக்குத்தான் அந்தரமாக இருந்தது, அவர்களுக்கு இல்லைப் போல.

ஓர் ஐயா முடிவில்தான் வாய் திறந்தார். பிரஷர் குளிசையை எடுத்துக் கொடுத்தது மனைவிதானாம். அவர் போன பிறகு குளிசை போடவே இல்லை. வீட்டில் மூன்று பெட்டி அப்படியே கிடக்கிறதாம். அடுத்த மாதம் வரை காத்திருக்கும் விஷயமல்ல இது. தாதி அங்கேயே பிரஷர் பார்த்தார், கூடுதலாக இருந்தது. திங்கள் கிளினிக்குக்கு நான் கூட்டிப்போகிறேன். கிளினிக் கொப்பியைத் தேடி எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.