பலகையில் இருந்த எண்ணும் நாங்கள் படித்த எண்ணும்

நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில், வாசகர்கள் அனுப்பும் படங்களைச் சரிபார்த்து அச்சுக்கு அனுப்பும் பொறுப்பில் நான் இருந்த காலத்தில் நடந்தது இது. ஒரு மாலை, சாலையைக் கடந்துகொண்டிருந்த முதியவர் மீது மோதிவிட்டு நிற்காமல் போன ஒரு காரின் படம் எங்களுக்கு வந்தது. வெள்ளி நிறக் கார். பின்னாலிருந்து எடுக்கப்பட்ட படம். எண் பலகை ஓரளவு தெரிந்தது. பின்கண்ணாடி வழியே வெள்ளைச் சட்டையின் தோள்பகுதியும் அதன்மேல் நீலப் பட்டை ஒன்றும் தெரிந்தன. இளம் நிருபர் ஒருவர் அரைமணி நேரத்தில் என் முன் வந்து நின்றார். "சார், ஓனர் யாருன்னு கிடைச்சிருச்சு. மருந்துக்கடை வெச்சிருக்கார். பொண்ணு படிக்கிற ஸ்கூல்லயும் இதே யூனிஃபார்ம்தான்" என்றார்.

எண் ஒன்று, சீருடை ஒன்று என இரண்டு தடயங்களும் ஒரே வீட்டு வாசலில் வந்து நிற்கின்றன. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று எனக்கும் தோன்றியது. பெயரைப் போட வேண்டாம் என்ற அளவுக்கு மட்டும் எச்சரிக்கையாக இருந்தோம். எண் பலகையை மறைக்காமல் படத்தை இணையப் பதிப்பில் ஏற்றி, 'மருந்துக்கடை உரிமையாளருக்குச் சொந்தமான கார் எனத் தெரிகிறது' என்று ஒரு வரியும் சேர்த்தோம். அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. நாங்கள் எழுதாமல் விட்ட பெயரை இரண்டு மணி நேரத்துக்குள் பிறர் எழுதிவிட்டார்கள். கூடவே கடையின் படமும் மகளின் வகுப்பும் வந்தன.

மறுநாள் அவரே நேரில் வந்தார். அவருடைய கார் ஆறு நாட்களாகப் பணிமனையில் எஞ்சின் இறக்கப்பட்ட நிலையில் கிடந்தது. பணிமனையின் தேதியிட்ட வேலைச் சீட்டைக் கையில் வைத்திருந்தார். அதைப் படித்த பிறகுதான், முந்தைய நாளே செய்திருக்க வேண்டிய வேலையைத் தொடங்கினேன்.

முதலில் படத்தை எடுத்தவரிடம் மூலக்கோப்பைக் கேட்டு வாங்கினேன். நாங்கள் பார்த்தது செய்தி அனுப்பும் செயலி வழியே வந்த பிரதி. மூலப்படத்தின் அகலம் 4000 பிக்சல். அந்தச் செயலி அதை 1600 ஆகச் சுருக்கியிருந்தது. சுருங்கிய படத்தில் பத்து எழுத்துகள் கொண்ட எண் பலகையின் அகலம் சுமார் 60 பிக்சல்தான், அதாவது ஓர் எழுத்துக்கு ஆறு பிக்சல். இடைவெளியைக் கழித்தால் ஐந்துகூட மிஞ்சாது. 3 என்ற இலக்கத்துக்கும் 8 என்ற இலக்கத்துக்கும் இடையே இருப்பது இடப்பக்கத்தில் இரண்டு சிறிய கோடுகள் மட்டுமே. அந்த அளவில் அவை ஒவ்வொன்றும் ஒரு பிக்சலின் நிழலாகிவிடுகின்றன. படத்தைத் திரையில் பெரிதாக்கியபோது எழுத்துகள் தெளிந்தன என்று நிருபர் சொன்னார், அதில் பொய் இல்லை. ஆனால் பெரிதாக்கும் மென்பொருள் இல்லாத விவரத்தைக் கொண்டுவருவதில்லை. பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து இடையில் உள்ளதை ஊகித்து நிரப்புகிறது. ஓரங்கள் கூர்மையாகத் தெரிவதால் படிப்பவரின் தயக்கம் போய்விடுகிறது, எண் மட்டும் அதே ஐயத்தில்தான் இருக்கிறது.

மூலப்படத்தில் பலகை 150 பிக்சல் அகலம் இருந்தது. நாங்கள் 3 என்று படித்தது அதில் ஐயத்துக்கு இடமின்றி 8 ஆக இருந்தது.

ஓர் இலக்கம் தவறினால் அப்படி ஓர் எண்ணே இல்லை என்று பதிவேடு கைவிரித்திருக்கலாமே என்று அப்போது நினைத்தேன். இந்தத் தொழிலில் நான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்ட விஷயம் இதுதான். வங்கி அட்டை எண்ணின் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். ஓரிலக்கத்தை மாற்றி அடித்தால் எண் செல்லாது என்று கணினி உடனே சொல்லிவிடும். சிங்கப்பூரின் வண்டி எண்களில் கடைசியாக வரும் எழுத்தும் அப்படிக் கணக்கிடப்படுவதுதான். பெரும்பாலான நாடுகளின் எண் பலகைகளில் இந்தக் காப்பு கிடையாது. ஒரு வரிசையில் எண்கள் ஏறக்குறைய தொடர்ச்சியாக வழங்கப்படுவதால், தவறாகப் படித்த எண்ணும் பெரும்பாலும் உண்மையான ஒரு வண்டியின் எண்ணாகவே இருக்கும். தவறு ஒரு பிழைச் செய்தியாக வெளிப்படுவதில்லை. பெயரும் முகவரியும் உள்ள வேறொரு மனிதராக வந்து நிற்கிறது.

எங்கள் படத்தில் ஐயத்துக்குரிய இடங்கள் இரண்டு. ஒன்று 3 அல்லது 8. மற்றொன்று 0, 6, 8 என மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். ஆக மொத்தம் ஆறு எண்கள். பின்னர் ஒரு காவல்துறை அதிகாரி ஆறையும் பார்த்துச் சொன்னார்: நான்கு கார்கள், இரண்டு இருசக்கர வண்டிகள்; கார்களில் இரண்டு வெள்ளி நிறம். நிருபர் தேடியது தன் கண்ணில் முதலில் பட்ட ஓர் எண்ணை மட்டுமே. அது வெள்ளி நிறக் கார் என்று வந்ததும் தேடலை நிறுத்திவிட்டார். நிறம் பொருந்தியதை அவர் உறுதிச் சான்றாக எடுத்துக்கொண்டார். சாலையில் மிகுதியாக ஓடும் நிறங்களில் ஒன்று பொருந்துவது எவ்வளவு பெரிய சான்று என்று அவரும் கேட்கவில்லை, மேசையில் இருந்த நானும் கேட்கவில்லை.

சீருடையின் கதை இதைவிட நுட்பமானது. படத்தில் தெரிந்தது வெள்ளைத் துணியும் நீலப் பட்டையும் மட்டும்தான். சின்னம் இல்லை, கழுத்துப்பட்டியின் கோடுகள் இல்லை. முதல் முறை படத்தைப் பார்த்தபோது எங்களில் ஒருவர்கூட அதைச் சீருடை என்று சொன்னதாக நினைவில்லை. மருந்துக்கடைக்காரரின் மகள் எங்கே படிக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் அந்தத் தோள்பகுதி எங்கள் கண்ணுக்கு அந்தப் பள்ளியின் சீருடையாக மாறியது. அதாவது இரண்டாவது தடயம் முதல் தடயத்தின் வயிற்றிலேயே பிறந்தது. அது முதலாவதை உறுதி செய்ய முடியாது.

பார்த்தவுடன் பள்ளி தெரிந்திருந்தால்கூட நிலைமை பெரிதாக மாறியிருக்காது. எண் பலகையின் முதல் எழுத்துகள் வண்டி எந்த வட்டாரத்தில் பதிவானது என்பதைச் சொல்கின்றன. சீருடை எந்த வட்டாரத்துப் பள்ளி என்பதைச் சொல்கிறது. அங்கே வசிக்கும் பெரும்பாலான குடும்பங்களுக்கு இரண்டுமே பொருந்தும். தவறான எண்ணைக் கொண்டு அந்த வட்டாரத்தில் யாருடைய வீட்டுக் கதவைத் தட்டினாலும், அங்கே அதே சீருடையில் ஒரு பிள்ளை இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டு சாட்சிகள் ஒன்றையே சொல்கிறார்கள் என்று நாங்கள் நினைத்தோம். இருவரும் சொன்னது ஊர்ப் பெயரை மட்டும்தான்.

ஓராயிரம் பேர் படிக்கும் பள்ளியின் சீருடை ஆயிரம் பேரையும் ஒரே அளவுக்குத்தான் சுட்டுகிறது. ஆயிரத்திலிருந்து ஒன்றுக்கு இறங்குவதற்குத் துணி உதவாது. அந்த வேலையை ஊர் வாய் செய்கிறது. பள்ளிச் சண்டை, பேருந்து ரகளை போன்ற படங்கள் எங்களிடம் வரும்போதெல்லாம் கவனித்திருக்கிறேன்: கீழே முதலில் எழுதப்படும் பெயர், ஏற்கெனவே கெட்ட பெயர் வாங்கிய பிள்ளையின் பெயராகவே பெரும்பாலும் இருக்கும்.

எங்கள் தவறு எங்களுக்கே உரியதன்று என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். 2017 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகரில் கூட்டத்தின் மீது கார் ஏற்றப்பட்டு ஒரு பெண் கொல்லப்பட்டார். அந்தக் காரின் எண்ணைத் தேடியவர்கள் அதன் பழைய உரிமையாளரைக் கண்டுபிடித்து, ஓட்டியவன் அவருடைய மகன் என்று எழுதினார்கள். கார் முன்பே விற்கப்பட்டிருந்தது. அந்த இளைஞர் அப்போது மிச்சிகன் மாநிலத்தில் ஒரு திருமணத்தில் இருந்தார். அதற்கு முந்தைய இரவு நடந்த தீப்பந்த ஊர்வலத்தில் ஒருவர் ஆர்கன்சா பொறியியல் என்று அச்சிட்ட சட்டை அணிந்திருந்ததால், அந்தப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவரின் பெயர் பரவியது. அவர் அன்று ஆர்கன்சாவிலேயே இருந்தார். ஆனாலும் மனைவியோடு வீட்டை விட்டு வேறிடத்தில் தங்க வேண்டியதாயிற்று.

எங்கள் வழக்குக்கு வருகிறேன். சரியான எண்ணைப் பிடித்த காவல்துறை அதன் உரிமையாளரிடம் போனது. அவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே காரை விற்றிருந்தார். வாங்கியவர் பெயர் மாற்றாமலேயே ஓட்டிவந்தார். அன்று காரை ஓட்டியவர் அவரும் அல்லர், அவரிடம் இரவல் வாங்கிப் போன மைத்துனர். நாங்கள் ஆரம்பத்திலேயே 8 என்று சரியாகப் படித்திருந்தால், மருந்துக்கடைக்காரருக்குப் பதிலாக இன்னொரு நிரபராதியைக் காட்டிக்கொடுத்திருப்போம். பதிவேட்டில் இருப்பது உரிமையாளரின் பெயர், அதுவும் கடைசியாக யாரோ எழுதி வைத்த பெயர். அந்த நிமிடம் சக்கரத்தைப் பிடித்திருந்தவர் யார் என்ற கேள்விக்கு அதில் கட்டமே இல்லை. பின்னிருக்கையில் இருந்தவளும் பள்ளி மாணவி அல்லள். செவிலியர் பயிற்சியில் இருந்த பெண், பயிற்சி உடையில் இருந்தாள்.

அதன் பிறகு எங்கள் மேசையில் சில பழக்கங்களை ஏற்படுத்தினேன். எண் தெரியும் படம் வந்தால் மூன்று பேர் ஒருவருக்கொருவர் சொல்லாமல் தனித்தனியே படித்துத் தாளில் எழுதுவார்கள். ஐயமுள்ள இடத்தில் ஊகித்து நிரப்பாமல் புள்ளி வைக்க வேண்டும். மூன்று தாள்கள் முழுமையாக ஒத்துப்போவது நான் எதிர்பார்த்ததைவிட அரிதாகவே இருந்தது. எண்ணும் மூலக்கோப்பும் காவல்துறைக்குப் போகும். வாசகருக்குப் போகும் படத்தில் பலகையும் உடையும் மறைக்கப்பட்டிருக்கும். மறைத்தால் குற்றவாளிக்கு உதவுகிறோம் என்று சிலர் என்னோடு வாதிட்டதுண்டு. பதிவேட்டையும் சாவி யாரிடம் இருந்தது என்பதையும் விசாரிக்கும் அதிகாரம் வாசகருக்கு இல்லை. அவரிடம் இருப்பது பெயரைப் பரப்பும் வசதி மட்டுமே.

மருந்துக்கடைக்காரரின் மகள் ஒன்பது நாட்கள் பள்ளிக்குப் போகவில்லை. "சார், வண்டி ஒர்க் ஷாப்ல இருந்ததுக்குச் சீட்டு இருக்கு. என் பொண்ணு அந்தச் சீட்ல உட்காரலைன்னு காட்ட நான் எங்க போய்ச் சீட்டு வாங்குறது?" என்று அவர் கேட்டார். நான்கு வரி திருத்தம் வெளியிட்டோம். ஒரு வருடம் கழித்து அவர் காரை விற்க முயன்றபோது, வாங்க வந்தவர் பலகையில் இருந்த எண்ணைக் கைப்பேசியில் தட்டித் தேடிப் பார்த்தாராம். முதலில் வந்தது எங்கள் படமும் அதன் கீழே யாரோ எழுதிய அவருடைய பெயரும்தான். திருத்தம் கீழே எங்கோ கிடந்தது.